என் வீட்டு ஃபிரிஜ்ஜை வைத்து நான் போட்ட கணக்கு

எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் புதிதாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்ள முடியுமா என்று யாராவது கேட்டால் முடியும் என்பேன். நான் கற்றுக்கொண்டேன். அதுவும் அழகான கையெழுத்தில், தமிழிலும் கன்னடத்திலும்.

முப்பத்தோரு வருடம் எங்கள் ஊரின் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். மண்வாரி இயந்திரங்களுக்குக் கையேடு எழுதும் பிரிவு. எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது, எந்தச் சூட்டில் சோதித்தது, எல்லாவற்றையும் எழுதுவோம். ஒரு எண் எழுதினால் அதன் பக்கத்தில் அது எந்த நிலைமையில் கிடைத்த எண் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் மேலதிகாரி சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். நான் அனுப்பிய தாள்களில் வட்டம் விழுந்ததே இல்லை. ஆனால் அந்தக் கையேடுகளை யாரும் படித்ததும் இல்லை. ஒரு முறை சுரங்கத் தளத்துக்குப் போனபோது என் கையேடு ஒன்று ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் உயரத்துக்காக வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். நூற்று எண்பது பக்கம். நல்ல உயரம்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஊரிகத்தில், பக்கத்து வீட்டோடு ஒட்டுச் சுவர் உள்ள வீடு ஒன்றில் குடியேறினேன். காலையில் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் டீ குடித்துப் பேப்பர் படித்துத் திரும்புவேன். டீக்கடைக்கு எதிரே ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. ஃபிரிஜ், வாஷிங் மெஷின், ஏசி. கடைக்காரனுக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டான்.

"சார், நீங்க ஃபேக்டரில எழுதற வேலைதானே பாத்தீங்க? இந்த ஃபிரிஜ் மேல ஒட்டி இருக்கறத ஜனங்க பாக்கவே மாட்டேங்கறாங்க. நம்ம பாஷைல நாலு வரி எழுதிக் குடுங்களேன். கதவுல மாட்டிடலாம்."

சம்பளம் பேசவில்லை. டீ வரும், சாயங்காலம் போனால் போண்டாவும் வரும். நான் எழுதிய முதல் அட்டை இப்படி இருந்தது: எத்தனை நட்சத்திரம், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று லேபிளில் போட்டிருக்கிறது, எத்தனை லிட்டர், முழு ஃபிரிஜ்ஜுக்கு ஒரு வருடம் வாரண்டி, கம்ப்ரஸருக்கு மட்டும் பத்து வருடம். எல்லாம் சரியாக இருந்தது. யாரும் நின்று படிக்கவில்லை.

கடைக்காரன் அட்டையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "சரியாத்தான் இருக்கு சார். ஆனா கல்யாணப் பத்திரிகைல முகூர்த்த நேரத்த மட்டும் அச்சடிச்ச மாதிரி இருக்கு. மாப்பிள்ள பொண்ணு எங்க?"

அன்று இரவு சாப்பிடும்போது என் வீட்டு ஃபிரிஜ் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு வயது இருபத்திரண்டு. கதவு ரப்பர் விட்டுப்போய் ஒரு செங்கல்லைச் சாய்த்து வைத்திருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்ததால் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா ஒரு ஆவலில் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அது மட்டும் ஒரு நாளில் எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரில் பார்த்தேன். இரண்டு யூனிட். வருடத்துக்கு எழுநூற்று முப்பது.

கடையில் நின்ற முன்னூற்று முப்பது லிட்டர் ஃபிரிஜ்ஜின் லேபிளில் ஆண்டுக்கு இருநூற்று நாற்பது யூனிட் என்று இருந்தது. கழித்தேன். நானூற்றுத் தொண்ணூறு. யூனிட்டுக்கு ஆறு ரூபாய் வைத்துப் பெருக்கினேன். கிட்டத்தட்ட மூவாயிரம். என் கை தானாகவே அட்டையை எடுத்தது.

"மூன்றில் இரண்டு பங்கு கரண்ட் மிச்சம்! ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்! ஐந்தே வருடத்தில் பாதி விலை திரும்பி வரும்! பத்து வருட வாரண்டி! குடும்பத்துக்கே போதுமான 330 லிட்டர்!"

இதில் ஒரு எண்ணும் நான் கற்பனை செய்ததில்லை. அதுதான் இதில் உள்ள அயோக்கியத்தனம். ஊரிலேயே மிக மோசமான ஃபிரிஜ் என்னுடையது. அதைப் பக்கத்தில் நிறுத்தினால் எந்த ஃபிரிஜ்ஜும் மகாலட்சுமியாகத்தான் தெரியும். லேபிளில் இருக்கும் எண் சோதனைக் கூடத்தில் எடுத்தது, அங்கே யாரும் மோருக்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். "கம்ப்ரஸருக்கு மட்டும்" என்ற இரண்டு சொல்லைக் கீழே மூலையில், கொசு உட்கார்ந்த அளவில் எழுதினேன். எழுதும்போது சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாளிலிருந்து ஜனங்கள் நின்றார்கள், படித்தார்கள், வாய்விட்டுப் படித்தார்கள். முப்பத்தோரு வருடம் எழுதி எனக்குக் கிடைக்காத வாசகர்கள். டீக்கடையில் உட்கார்ந்து அவர்களுடைய உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தீபாவளிக்குக் கடைக்காரன் எனக்கு ஒரு மிக்ஸி கொடுத்தான்.

இந்தச் சமயத்தில்தான் என் பக்கத்து வீட்டு அம்மா கடைக்கு வந்தார்.

அவருக்கு அறுபது வயது. கணவர் இல்லை. மகன், மருமகள், இவர் என மூன்று பேர். மகனும் மருமகளும் விடிவதற்கு முன்பே ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் ஒரு வாரத்துக்கான மாவரைப்பு, குழம்பு, காய் நறுக்கல் எல்லாம் நடக்கும். அதையெல்லாம் அடக்க அவரிடமிருந்த நூற்று எண்பது லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிஜ் போதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அம்மாவின் வீட்டுக்கு மின்சார பில் சைபர். அரசாங்கத்தின் இலவச மின்சாரம் வந்த நாளிலிருந்து சைபர். இருநூறு யூனிட் வரை எல்லோருக்கும் சும்மா என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அது முன்பு செலவழித்த சராசரியும், அதற்கு மேல் பத்து சதவீதமும்தான் இலவசம். அதைத் தாண்டினால், தாண்டியதற்குக் காசு கட்ட வேண்டும். அவருக்கு விதித்த எல்லை அறுபத்தெட்டு யூனிட். மாதா மாதம் அறுபத்திரண்டு, அறுபத்து மூன்றில் நின்றுவிடுவார். ரீடிங் எடுப்பவர் அச்சடித்துக் கொடுக்கும் சைபர் பில்லை எங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து காட்டுவார். "பாருங்க சார், கவர்மெண்ட்டே நமக்குக் கும்பிடு போடுது."

அந்த அம்மா கடையில் அட்டையை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். பிறகு டீக்கடையில் இருந்த என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"சார், இது உங்க கையெழுத்து மாதிரி கீதே?"

"ஆமாம்மா."

"நீங்க எழுதினதா? அப்ப சரி. கடைக்காரன் எழுதி இருந்தா நம்ப மாட்டேன்."

கடைக்காரன் பல்லைக் காட்டினான். அந்த அம்மா கணக்குப் போட்டார். "நம்முளுது ரெண்டு ஸ்டாரு. இது மூணு ஸ்டாரு. ஸ்டாரு ஏறுச்சுன்னா கரண்ட் எறங்கும், அதானே சார்?"

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். அம்மா, நட்சத்திரம் என்பது ஒரே வகை, ஒரே அளவு ஃபிரிஜ்களுக்கு நடுவில் வைக்கும் போட்டி. சின்ன ஃபிரிஜ்ஜின் இரண்டு நட்சத்திரத்தையும் பெரிய ஃபிரிஜ்ஜின் மூன்று நட்சத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. உங்கள் குட்டி ஃபிரிஜ் நாளுக்கு அரை யூனிட்தான் சாப்பிடுகிறது. உங்களுக்கு பில்லே சைபர், அதில் நான் எங்கிருந்து மூவாயிரம் மிச்சம் பிடித்துத் தருவேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். கடைக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது இதுதான்:

"நல்ல ஃபிரிஜ்தாம்மா."

நல்ல ஃபிரிஜ்தான். அதில் பொய்யில்லை.

ஃபிரிஜ் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள். சாமி படத்துக்குக் காட்டிய கற்பூரத்தை ஃபிரிஜ்ஜுக்கும் காட்டினார். பிறகு மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடுத்தட்டில் நுழையவில்லை. மேல்தட்டிலும் நுழையவில்லை. கீழே காய்கறிப் பெட்டி. மருமகள் தட்டுகளை மேலும் கீழும் மாற்றிப் பார்த்தாள்.

"அத்தை, குண்டான் போகணும்னா ஒரு ஷெல்ஃபையே எடுத்துடணும். அப்புறம் மத்ததெல்லாம் எங்க வெக்கறது?"

"முன்னூத்தி முப்பது லிட்டர்ன்னு போட்டுருக்குடி! நம்ம குண்டான் பத்து லிட்டர். முப்பத்து மூணு குண்டான் போகணும்!"

கணக்கு சரி. ஆனால் முன்னூற்று முப்பது என்பது உள்ளே இருக்கும் மொத்த அளவு. உண்மையில் சாமான் வைக்கக் கிடைப்பது இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. கம்பெனி தாளில் இரண்டும் போட்டிருந்தது. நான் பெரியதை எடுத்துக்கொண்டேன். அதிலும் ஐஸ் அறைக்கும் கதவுத் தட்டுக்கும் ஒரு பங்கு போய்விடும்.

முடிவில் மாவுக் குண்டானுக்காகப் பழைய ஃபிரிஜ்ஜை முன்னறையில் அப்படியே ஓட விட்டார்கள். புதியதைச் சமையலறையில் வைத்தார்கள். இப்போது வீட்டில் இரண்டு ஃபிரிஜ். நான் காபி குடித்துக்கொண்டு, "சின்னதுதானே, அதிகம் இழுக்காது" என்றேன். இதுவும் உண்மை.

அடுத்த மாதம் ரீடிங் எடுப்பவர் வந்தார். தாள் சரசரவென்று வெளியே வந்தது. தொண்ணூற்றிரண்டு யூனிட். நூற்று எழுபது ரூபாய் சொச்சம்.

அந்தத் தெரு அன்று மாதிரி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

"ஏம்பா, உன் மிஷினுக்குக் கண்ணு தெரியலயா? ஃபிரிஜ் புச்சா வாங்கிருக்கோம், மூணு ஸ்டாரு! கம்மி ஆகணும். நீ ஏத்திப் போட்டுருக்க!"

"அம்மா, நான் மீட்டர்ல இருக்கறததான் படிக்கறேன். மீட்டர நான் பெத்தேனா?"

"இன்னா திமிரு பேசற!"

அவர் ஓடிவிட்டார். நான் உள்ளே ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

ரீடிங்காரர் தப்பித்ததும் பழி வேறொரு தலையில் இறங்கியது. வீட்டில் கரண்ட் செலவு செய்கிறவள் யார்? விடியற்காலையில் பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டு வெந்நீர் வைப்பவள் யார்? தினம் சுடிதாருக்கு அயர்ன் போடுபவள் யார்? மருமகள் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடமும் வெந்நீரும் இருந்தது, அயர்னும் இருந்தது, பில்லும் சைபராகத்தான் இருந்தது. ஆனால் யாரும் இதை யோசிக்கவில்லை. ஃபிரிஜ் கரண்டைக் குறைக்கும் என்று ஒரு படித்த மனிதன் கைப்பட எழுதி வைத்திருக்கும்போது, ஃபிரிஜ்ஜை யார் சந்தேகப்படுவார்கள்?

ராடு பீரோவுக்குள் போனது. அயர்ன் பாக்ஸும் போனது. பீரோ சாவி மாமியாரின் இடுப்புக்குப் போனது. எங்கள் ஊரில் மார்கழிக் குளிர் சும்மா விடாது. விடியற்காலையில் ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் செம்பு தண்ணீர் விழும் சத்தமும், உடனே மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும் மூச்சும் எனக்குக் கேட்கும். நான் என் வெந்நீரை விளாவிக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது மாத பில் வந்தது. எழுபத்தேழு யூனிட். ஐம்பத்தைந்து ரூபாய்.

இதுதான் மோசம். குறைந்திருந்தது. அந்த அம்மா பில்லோடு என் வாசலுக்கு வந்தார். முகத்தில் வெற்றி.

"பாத்தீங்களா சார்? ராடு நிப்பாட்டுனதும் எப்படி எறங்குச்சு! நான் சொன்னப்ப என் புள்ள நம்பல. இன்னும் மிச்சம் கீது. அந்தப் பொண்ணு வீட்ல கீற நேரமெல்லாம் ஃபோன சார்ஜுல போடுது. அடுத்த மாசம் அதுக்கும் பூட்டு."

பொய்க்குச் சாட்சி கிடைத்துவிட்டது. நான் "ஃபோன் அவ்வளவு இழுக்காதும்மா" என்று சொன்னேன். அவ்வளவுதான் என் வீரம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் தனியாகக் கடைக்கு வந்தாள். நான் புதிதாக வந்த ஏசிக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சுருக்கம் விழுந்த சுடிதார் போட்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. நேராக அந்த ஃபிரிஜ்ஜின் முன்னால் நின்று அட்டையைப் படித்தாள், கீழ் மூலை வரை குனிந்து படித்தாள், பிறகு லேபிளைப் படித்தாள். அவள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் தரம் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அங்கிள், மூணுல ரெண்டு பங்கு மிச்சம்னு எழுதிருக்கீங்களே. எதோட கம்பேர் பண்ணீங்க?"

"பழைய ஃபிரிஜ்ஜோடம்மா."

"எந்தப் பழைய ஃபிரிஜ்?"

பேனாவை மூடினேன். "என் வீட்டுது."

"செங்கல் சாச்சு வெச்சிருக்கீங்களே, அதுவா?"

"அதுதான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வாஷிங் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஒரு தம்பதியும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார்கள். கடைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. சட்டென்று அவள் சிரிப்பு நின்றது.

"முதல் பில் வந்தப்பவே எனக்குத் தெரியும் அங்கிள். லேபிள ஃபோட்டோ எடுத்துக் காட்டினேன். அத்தை இன்னா சொன்னாங்க தெரியுமா? 'அந்த சார விட உனக்கு அதிகமாத் தெரியுமா'ன்னாங்க. நான் சொன்னா எடுபடாது. நீங்கதான் சொல்லணும். அடுத்த பில்லுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுக்கும் நான்தான் காரணம்னா, பெங்களூர்லயே ரூம் எடுத்துக்கப் போறேன். அவர் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். பச்சத் தண்ணிக்காக இல்ல. செய்யாததுக்கு தினம் பேச்சு வாங்க முடியல."

அன்று மாலையே போனேன். முன்னறையில் பழைய ஃபிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார் அந்த அம்மா. மகன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். என் ஃபிரிஜ்ஜை வைத்துக் கணக்குப் போட்டதை, லிட்டரில் பெரியதைப் பொறுக்கியதை, கொசு அளவு எழுத்தை, அவர்கள் வீட்டு நிலைமை தெரிந்தும் கடையில் வாயை மூடிக்கொண்டதை. பில் ஏறியது புது ஃபிரிஜ்ஜால்தான், மருமகளால் இல்லை.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது. எழுந்து எனக்குக் கை கூப்பினார்.

"நீங்க பெரிய மனுஷன் சார். யாரோ வீட்டுப் பொண்ணுக்காக உங்க மேல பழியப் போட்டுக்கறீங்க பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்லம்மா, நெஜமாவே நான்தான்..."

"போதும் சார். அவ அழுதிருப்பா, நீங்க எரங்கிட்டீங்க. காபி சாப்பிடுங்க."

சமையலறை வாசலில் மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். என் பொய் ஒரே வாசிப்பில் நம்பப்பட்டது. என் உண்மை என்னை மகானாக்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக, நல்ல பெயர் எடுப்பது எவ்வளவு தொந்தரவு என்று புரிந்தது.

தொழிற்சாலைப் புத்தி ஒன்றுதான் மிச்சமிருந்தது. சொன்னால் நம்பாதவருக்கு ரீடிங் எடுத்துக் காட்டு. "அம்மா, என்னை நம்ப வேணாம். மீட்டர நீங்களே படிங்க" என்றேன். மூன்று நாள் புது ஃபிரிஜ்ஜை நிறுத்துவது. பழையது மட்டும் ஓடட்டும். மருமகள் ராடும் போடட்டும், அயர்னும் போடட்டும். அடுத்த மூன்று நாள் இரண்டு ஃபிரிஜ்ஜும் ஓடட்டும். ராடும் அயர்னும் பீரோவில் இருக்கட்டும். தினமும் காலை ஏழு மணிக்கு அவரே ஸ்டூல் மேல் ஏறி எண்ணைப் படிக்க வேண்டும். வேறு யாரும் மீட்டர் பக்கம் போகக் கூடாது.

"எதுக்கு வீணா?" என்றார். ஆனால் மருமகளின் குற்றத்தை நிரூபிக்க இது நல்ல வழி என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பீரோ திறந்தது.

முதல் மூன்று நாள் முடிந்தபோது ஆறு யூனிட் ஆகியிருந்தது. அடுத்த மூன்று நாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போய் நின்றேன். அந்த அம்மா ஸ்டூல் மேலிருந்து எண்ணைச் சொன்னார். மகன் கழித்தான். ஏழரைக்கு மேல்.

"தப்பாக் கழிச்சிருப்ப. கொடு இங்க." அவரே விரல் விட்டு எண்ணினார். மறுபடி ஸ்டூலில் ஏறி மீட்டரைப் பார்த்தார். ராடும் இல்லை, அயர்னும் இல்லை, ஒன்றரை யூனிட் கூடுதல். அந்த உயரத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் முன்பிருந்த மரியாதை இல்லை.

"அப்ப நீங்க சொன்னது நெஜமா?"

"நெஜம்தாம்மா."

"அன்னிக்கு கடைல நான் கேட்டப்ப, தெரிஞ்சேதான் கம்முனு இருந்தீங்களா?"

"ஆமா."

அவர் இறங்கினார். கடை திறக்கும் நேரமானதும் செருப்பைப் போட்டுக்கொண்டார். மாவுக் குண்டானைக் காலி செய்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்றார். ஷேர் ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும் வழியெல்லாம் குண்டான் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தது. கடையில் கூட்டம். அந்த அம்மா குண்டானை, தான் வாங்கிய அதே மாடல் ஃபிரிஜ்ஜின் முன்னால் டங்கென்று வைத்தார்.

"இத உள்ள வெச்சுக் காட்டுப்பா. முன்னூத்தி முப்பது லிட்டராம். ஊருக்கே காட்டு."

கடைக்காரன் வைத்துப் பார்த்தான். மேலே, நடுவே, சாய்த்து, திருப்பி. கூட்டத்திலிருந்து யோசனைகள் வந்தன. "குண்டான அறுத்து வெய்யி!" என்றார் ஒருவர். கடைக்காரனுக்கு வியர்த்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சார், இப்ப எழுதுங்க. நான் நிக்கறேன்."

அத்தனை பேர் முன்னால், குண்டானைக் கவிழ்த்து அதன் மேல் அட்டையை வைத்து எழுதினேன். லேபிளின்படி ஆண்டுக்கு இருநூற்று நாற்பது யூனிட். இது சோதனைக் கூட எண், உங்கள் வீட்டில் வெயிலையும் கதவு திறப்பதையும் பொறுத்துக் கூடும். நட்சத்திரத்தை இதே வகை, இதே அளவு ஃபிரிஜ்ஜோடு மட்டும் ஒப்பிடவும். லேபிள் எந்த வருடத்துக்கானது என்றும் பார்க்கவும். மொத்தக் கொள்ளளவு 330, சாமான் வைக்க 295. பெரிய பாத்திரம் இருந்தால் அளந்துகொண்டு வரவும். முழு ஃபிரிஜ்ஜுக்கு வாரண்டி ஒரு வருடம். பத்து வருடம் கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ், கூலி, வண்டிச் செலவு அதில் சேருமா என்று வாரண்டி தாளில் பார்க்கவும். எவ்வளவு மிச்சமாகும் என்பது உங்கள் பழைய ஃபிரிஜ்ஜைப் பொறுத்தது. பழையதையும் ஓட விட்டால் மிச்சமில்லை. இப்போதே பில் சைபர் என்றால், அதற்குக் கீழே எந்த ஃபிரிஜ்ஜாலும் இறக்க முடியாது.

எல்லாம் ஒரே அளவு எழுத்து. கடைக்காரன் படித்தான்.

"சார், இது அட்டையா, கோர்ட்டு நோட்டீஸா? இதப் படிச்சுட்டு எவன் வாங்குவான்?"

"வேணுங்கறவன் வாங்குவான்" என்றார் அந்த அம்மா. கூட்டத்தில் நின்ற ஒரு பெண்மணி அதைப் படித்துவிட்டு அங்கேயே சின்ன ஃபிரிஜ் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தார். கடைக்காரனின் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசி வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். நான் மாட்டேன் என்றேன். அட்டையை மாட்டி அதன் முன்னால் ஒரு டேபிள் ஃபேனை நிறுத்திவைத்தான். நான் போகும்போதெல்லாம் ஃபேனை நகர்த்துவேன். திரும்பி வரும்போது அது பழைய இடத்துக்கு வந்திருக்கும். இது இன்றும் நடக்கிறது.

வீட்டில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். ராடும் அயர்னும் பீரோவை விட்டு வெளியே வந்தன. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது இதுதான்: "இன்னாத்துக்குடி பச்சத் தண்ணில குளிக்கற? அம்பது ரூவா பில்லுக்கு பயந்து ஜன்னி வரவழச்சுக்குவியா? எவ சொன்னா உனக்கு?" மருமகள் இருமினாள். அது சிரிப்பை அடக்கிய இருமல். மாவை இரண்டு சின்னப் பாத்திரத்தில் பிரித்துப் புது ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டுப் பழையதை விற்றுவிட்டார்கள். அப்படியும் எல்லையை ஏழெட்டு யூனிட் தாண்டுகிறது. ஐம்பது, அறுபது வருகிறது. கட்டுகிறார்கள். மருமகள் பெங்களூரில் ரூம் எடுக்கவில்லை. மாதா மாதம் பில்லை மாமியார் இப்போது என்னிடம் காட்டுவதில்லை.

அவள் ஒன்றரை மாதம் பட்ட குளிரை நான் எதைக் கொண்டும் ஈடு செய்ய முடியாது. ஒரு நாள் வாசலில் பார்த்தபோது மன்னித்துக்கொள் என்று கேட்டேன். "விடுங்க அங்கிள்" என்றாள். அந்த இரண்டு சொல்லில் மன்னிப்பு இருந்ததா, அவசரமாக ரயில் பிடிக்கும் ஒருத்தியின் சலிப்பு இருந்ததா, எனக்குத் தெரியாது.

போன மாதம் மாமியாரும் மருமகளும் வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்கு வந்தார்கள். நான் மெஷினுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அதன் மேலிருந்த அட்டையும் என்னுடையதுதான், ஒரு சொல் கூட்டிக் குறைக்காமல் எழுதியது. இருவரும் அட்டையைப் பார்க்கவே இல்லை. குனிந்து லேபிளைப் படித்தார்கள். பிறகு மருமகள் நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

"அங்கிள், ஏழு கிலோன்னா நனஞ்ச துணியா, காஞ்ச துணியா?"

"காஞ்ச துணிம்மா. நனைக்கறதுக்கு முன்னாடி உள்ள எடை."

"தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். மாமியார் உடனே அவள் முழங்கையை இடித்தார். "தாள்ல இன்னா போட்டுருக்குன்னு பாரு."

அவள் கம்பெனி தாளை விரித்து, நான் சொன்னது அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினாள். நான் காத்துக்கொண்டு நின்றேன்.